வங்கி வேலையை விட்டு முழுநேரப் பங்கு வியாபாரம்: விலகல் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கிளார்க் ஒருவரின் விலகல் கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் வராது. ஆனால் அதில் இருக்கும் கடைசி வேலை நாள்தான் பணிக்கொடை எவ்வளவு, ஊழியர் கடனை எப்போது கட்டுவது, கையிருப்பு எத்தனை மாதம் ஓடும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதனால் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் திகதியை எழுத வேண்டும்.

ஹட்டன் கிளையில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலை 1இல் சேர்ந்தவர், இப்போது சம்பளம் 90,000 ரூபாய். இலங்கையின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் கிடைக்கும். 2026 மே 31இல் விலகினால் ஒன்பது வருடம்தான் கணக்கில் வரும்: 405,000. ஜூன் 30 வரை இருந்தால் பத்து வருடம்: 450,000. ஒரு மாத அவசரத்துக்கு விலை 45,000 ரூபாய், அந்த மாதச் சம்பளம் வேறு.

அடுத்த தவறு ஊழியர் சேமலாப நிதியைக் கையிருப்பில் சேர்ப்பது. வேலையை விட்டதற்காக மட்டும் அது கைக்கு வராது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாக வேண்டும். வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவது, நிரந்தர இயலாமை போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் கோரலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை.

நம்மவர் போட்ட கணக்கு இது: நிலையான வைப்பு 18 லட்சம், பணிக்கொடை 4.5, நம்பிக்கை நிதி 2, சேமலாப நிதி 14. மொத்தம் 38.5 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 75,000. ஆக நான்கு வருடத்துக்கு மேல் தாங்கும்!

உண்மைக் கணக்கு வேறு. சேமலாப நிதியை எடுத்துவிட்டால் மிச்சம் 24.5 லட்சம். சலுகை வட்டியில் வாங்கிய ஊழியர் கடனில் 6 லட்சம் பாக்கி; விலகும்போது அதைத் தீர்க்கச் சொல்வார்கள், அல்லது சாதாரண வட்டிக்கு மாற்றுவார்கள். தீர்த்தால் 18.5 லட்சம். வியாபார முதலாக 8 லட்சத்தை ஒதுக்கினால் சாப்பிட இருப்பது 10.5 லட்சம். வங்கி பார்த்துக்கொண்ட மருத்துவக் காப்புறுதி, தீபாவளி முற்பணம் எல்லாம் இனி வீட்டுச் செலவு. மாதம் 85,000 என்று வைத்தால் பன்னிரண்டு மாதம். அவ்வளவுதான்.

முதலையும் சாப்பாட்டுக் காசையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் பலரைக் கவிழ்ப்பது. வாடகை நாள் வந்ததும், விலை இறங்கிக் கிடக்கும் பங்கை விற்க வேண்டிவரும். முதல் மாதத்திலிருந்தே வியாபார லாபத்தில் வீட்டுச் செலவை எடுக்கலாம் என்பவர்கள் இதையும் பார்க்கட்டும்: கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம் கட்டணம். 8 லட்சத்தை ஒரு தடவை வாங்கி விற்றால் ஏறக்குறைய 18,000 போகும். வாரம் ஒரு தடவை என்றால் மாதம் 72,000. வீட்டுக்கு 85,000 எடுக்க மாதம் 1,57,000 சம்பாதிக்க வேண்டும், அதாவது வியாபார முதலில் இருபது வீதம் அளவு. எந்தச் சந்தையும் இதை மாதாமாதம் தராது. ஆகவே முதல் வருடம் வியாபாரத்திலிருந்து ஒரு சதமும் வராது என்றே திட்டமிட வேண்டும்.

இனிக் கடிதம். கொடுப்பதற்கு முன்பே கடன் பாக்கியை எழுத்தில் வாங்குங்கள். பிணை நின்ற சக ஊழியரிடமும் சொல்லிவிடுங்கள். கடிதம் போன பிறகு அவர் மற்றவர் வாயால் கேள்விப்படக் கூடாது. முன்னறிவித்தல் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்பதை நியமனக் கடிதத்தில் பாருங்கள். "இன்று முதல் விலகுகிறேன்" என்று எழுதினால் அந்தக் காலத்துக்கான சம்பளத்தைப் பிடிக்க இடம் கொடுத்ததாகும். ஒரு மாதம் என்றால் இப்படிப் போதும்:

"2026 மே 28. முகாமையாளர் ஊடாக, மனிதவளப் பிரிவுக்கு. தனிப்பட்ட காரணங்களால் பதவியிலிருந்து விலகுகிறேன். எனது கடைசி வேலை நாள் 2026 ஜூன் 30. பொறுப்புகளை அதற்கு முன் ஒப்படைப்பேன். ஊழியர் கடன் நிலுவை, பணிக்கொடை, சேவைக் கடிதம் பற்றிய விபரங்களை அறியத் தரவும்."

பங்கு வியாபாரத்துக்குப் போவதாக எழுத வேண்டாம். ஊழியர்கள் பங்கு வாங்கி விற்பதற்கு வங்கிகளுக்குத் தனி விதிகள் உண்டு. அந்த ஒரு வரி, பழைய கொடுக்கல் வாங்கல்களைக் கிளற வைக்கும். திரும்ப வேறு வங்கிக்கு விண்ணப்பித்தாலும் கோப்பில் அது கிடக்கும். மனக்குறைகளும் வேண்டாம். பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பெட்டகச் சாவி, கணினிக் கடவுச்சொல், காசுப் பெட்டி மீதி ஆகியவற்றுக்கும் ஒப்படைத்ததாக எழுத்தில் வேண்டும். பிறகு ஒரு பற்றாக்குறை வெளிப்பட்டால் கேட்கப்படுவது போனவரைத்தான்.

பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நம்பிக்கை நிதிக்கு விண்ணப்ப வேலை இருக்கிறது. எனவே முதல் மூன்று மாதச் செலவான 2,55,000 சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். நிலையான வைப்பை இடையில் உடைத்தால் வட்டி குறையும். பங்கை அவசரத்துக்கு விற்கலாம் என்றும் நம்ப வேண்டாம்: 2020இல் ஊரடங்கோடு மூடிய சந்தை மே 11 வரை திறக்கவில்லை, 2022 ஏப்ரலில் ஒரு வாரம் முழுக்க மூடிக் கிடந்தது.

பன்னிரண்டு மாதக் காசில் எட்டு மாதம் கரைந்து 3,40,000 மிஞ்சும் நாளை இப்போதே குறித்துவையுங்கள். அன்று வியாபாரம் எப்படி இருந்தாலும் வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பியுங்கள். நேர்முகத் தேர்வு, நியமனம், முதல் சம்பளம் வரை மலையகத்தில் மூன்று நான்கு மாதம் எளிதாகப் போய்விடும்.