சாவியைக் கொடுக்காத வரை வீடு உங்களிடம்தான்: ஓய்வுக்குப் பின் குவார்ட்டர்ஸும் அபராத வாடகையும்

புதுச்சேரியில் அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல வருடம் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்தவன் நான். குவார்ட்டர்ஸில் இருந்து ஓய்வு பெறுபவர்களிடம் ஒரே தவறை விதவிதமாகப் பார்த்திருக்கிறேன். ஓய்வின்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடை முழுசாகக் கைக்கு வந்துவிட்டால் இனி யாரும் எதையும் பிடிக்க முடியாது என்று நினைத்துக்கொள்வார்கள்.

லாசுப்பேட்டையில் ஒரு நண்பர். எளிதாகப் புரிய எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன். 33 வருட சேவை, கடைசி அடிப்படைச் சம்பளம் 70,000, அகவிலைப்படி 50 சதவீதம். இரண்டும் சேர்ந்து 1,05,000. அதை சேவை வருடங்களில் பாதியான பதினாறரையால் பெருக்கினால் பணிக்கொடை 17,32,500 ரூபாய். ஜூன் 30-ல் ஓய்வு. குவார்ட்டர்ஸில் ஆறு மாதம், அதாவது டிசம்பர் 31 வரை இருக்க அனுமதி. குவார்ட்டர்ஸுக்கான சாதாரண வாடகை, அதாவது உரிமக் கட்டணம், மாதம் 560 என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 3,360. அதைப் பணிக்கொடையில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

இங்கே நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்கு முன்பே அலுவலகத் தலைவர், குடியிருப்பை ஒதுக்கிய பிரிவுக்கு எழுதி, பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்பார். நோ டிமாண்ட் சர்டிஃபிகேட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பழைய பாக்கி இருந்தால் கடைசி மாதச் சம்பளங்களில் பிடிப்பார்கள், அப்படியும் தீராததைப் பணிக்கொடையில் கழிப்பார்கள். அனுமதிக்கப்பட்ட மாதங்களுக்கான கட்டணமும் அங்கேயே கழிந்துவிடும். பாக்கி எவ்வளவு என்று அந்தப் பிரிவால் கணக்கிட்டுச் சொல்ல முடியாத நிலையில் பணிக்கொடையில் 10 சதவீதத்தை நிறுத்திவைப்பார்கள். நண்பர் விஷயத்தில் அது 1,73,250 ஆகியிருக்கும். ஆனால் சான்று நேரத்துக்கு வந்துவிட்டதால் எதுவும் நிற்கவில்லை.

அந்தச் சான்றை எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விடுதலைப் பத்திரமாக எண்ணியதுதான் அவர் செய்த முதல் தவறு. அனுமதி முடிந்த பிறகு வீட்டை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தக் காகிதம் எதுவும் சொல்வதில்லை. அது வேறு கணக்கு.

இரண்டாவது தவறு, வீட்டைக் காலி செய்வதும் ஒப்படைப்பதும் ஒன்று என்று நினைத்தது. ஜனவரி முதல் வாரமே குடும்பத்தோடு வில்லியனூர் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். பழைய பீரோ, ஒரு மரக் கட்டில், பேரனின் சைக்கிள் மட்டும் குவார்ட்டர்ஸில் கிடந்தன. சாவி பக்கத்து வீட்டுக்காரரிடம். "ஆள் இல்லாத வீட்டுக்கு யார் சார் அபராதம் போடுவாங்க?" என்று என்னிடமே கேட்டார். மின்கட்டண ரசீதைக் காட்டினார், யூனிட் ஏறவே இல்லை. ஆனால் விதி பார்ப்பது வீடு யார் கைவசம் இருக்கிறது என்பதை. விளக்கு எரிந்ததா என்று அது கேட்பதில்லை. பொறியாளர் வந்து ஃபேன், ட்யூப் லைட், குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்து, சாவியை வாங்கிக்கொண்டு தேதியோடு கையெழுத்துப் போடும் நாள்தான் நீங்கள் வெளியேறிய நாள். அவருக்கு அந்த நாள் மே 31.

அப்படியானால் ஜனவரியில் இருந்து மே வரை ஐந்து மாதம் அனுமதியின்றி இருந்ததாகிவிட்டது. அந்தக் காலத்துக்கு உரிமக் கட்டணம் பொருந்தாது. சேத ஈடு என்று ஏட்டில் எழுதுவார்கள், நாம் அபராத வாடகை என்கிறோம். அது 560-இன் ஒன்றிரண்டு மடங்காக இருக்காது. வீட்டின் பரப்பளவையும் அந்த ஊருக்கு வகுத்த விகிதத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள். மாதம் 25,000 என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதத்துக்கு 1,25,000.

பணிக்கொடைதான் போய்ச் சேர்ந்துவிட்டதே, எங்கிருந்து பிடிப்பார்கள்? விலைவாசிக்காக ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரும் அகவிலை நிவாரணத்தில். மத்திய ஓய்வூதிய விதிகளைத்தான் புதுச்சேரி அரசு ஊழியர்களும் பின்பற்றுகிறார்கள். பழைய 1972 விதிகளில் 72-ஆம் விதி இதை வெளிப்படையாகவே சொன்னது, 2021-இல் அவற்றுக்குப் பதிலாக வந்த விதிகளிலும் இது தொடர்கிறது: அனுமதிக்காலம் தாண்டிய பாக்கியை, ஓய்வூதியரின் சம்மதம் இல்லாமலேயே அகவிலை நிவாரணத்தில் பிடிக்கலாம், முழுப் பாக்கியும் தீரும்வரை அந்த நிவாரணம் வராது. அடிப்படை ஓய்வூதியத்தைத் தொடவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். நண்பரின் அடிப்படை ஓய்வூதியம் 35,000. அகவிலை நிவாரணம் 50 சதவீதம் என்றே வைத்தால் மாதம் 17,500. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்பே மொத்தத் தொகையாக வாங்கி கம்யூட் செய்திருந்தாலும் இது முழு அடிப்படைக்கும்தான் கணக்கிடப்படும், அதனால் பிடிப்பதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது!

மூன்றாவது, அனுமதியை வாய்ப்பேச்சில் வைத்துக்கொள்வது. மகளுக்குப் பிரசவம், பேரனுக்குப் பொதுத்தேர்வு, புது வீட்டில் டைல்ஸ் வேலை முடியவில்லை. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். "இருங்க சார், பார்த்துக்கலாம்" என்று ஒரு எழுத்தர் சொன்னதை நம்பி மூன்று மாதம் இருந்தவரையும் தெரியும். அந்த வார்த்தை கோப்பில் இல்லை. மத்திய அரசின் பொதுத் தொகுப்பு வீடுகளுக்கு 2017 விதிகள் ஓய்வுக்குப் பின் ஆறு மாதம் தருகின்றன. மாநில, யூனியன் பிரதேச நிர்வாகங்கள் ஒதுக்கும் வீடு என்றால் அந்தந்த ஒதுக்கீட்டு விதியில் உள்ள காலம்தான். கடலூர்க்காரர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், அதனால் புதுச்சேரி மச்சானுக்குக் கிடைத்த மாதங்களை நம்பி அங்கே உட்கார்ந்துவிட வேண்டாம். ஓய்வு நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, தேதி போட்ட ஆணையை வாங்கி வையுங்கள்.

அப்புறம் நோட்டீஸ். பாக்கி கேட்டு வரும் நோட்டீஸை மேசை டிராயரில் போட்டு மூடுவது பெரிய தவறு. மத்திய அரசு வளாகமாக இருந்தால் 1971-ஆம் ஆண்டின் பொது வளாகச் சட்டப்படி, சேத ஈட்டை வசூலிக்கும் ஆணைக்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஆணை வந்தபின் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய 12 நாள்தான். தேதி தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தால் சாவி ஒப்படைப்புச் சீட்டைக் காட்டி எதிர்க்க வேண்டிய இடம் அதுதான்.

பணிக்கொடையில் அபராத வாடகையைப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1994-இல் ஆர். கபூர் வழக்கில், அபராத வாடகைக் கோரிக்கையைக் காட்டிப் பணிக்கொடையை நிறுத்திவைத்தது தவறு என்று சொன்னது உண்மை. ஆனால் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பான வசீர் சந்த் வழக்கில், ரயில்வே ஊழியரின் அபராத வாடகையைப் பணிக்கொடையில் சரிக்கட்டியதை அதே நீதிமன்றம் ஏற்றது. இதில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து நம்பிக்கொண்டு வீட்டில் தங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

நண்பருக்கு ஆகஸ்ட் ஓய்வூதியத்தில் பிடித்தம் தொடங்கியது. ஏழு மாதம் 35,000 மட்டும் வந்தது. எட்டாவது மாதமான மார்ச்சில் மிச்சம் 2,500 போக 15,000 அகவிலை நிவாரணம் சேர்ந்து வந்தது. பீரோவும் கட்டிலும் வில்லியனூர் வீட்டு மாடியில் இன்னும் பிரிக்காமலே இருக்கின்றன.