நாலு ஸ்டார் விமர்சனத்துக்குள் இருந்த குறை

நாகர்கோவிலில் எங்கள் நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் விற்பனை இறங்கியது. கால் கிலோவை 115 ரூபாயிலிருந்து 105 ஆக்கியும் பலனில்லை, லாபம்தான் போனது.

பக்கத்து மூன்று கடைகளிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி எடை போட்டேன். 92 ரூபாய் பாக்கெட் 200 கிராம்தான், கிலோவுக்கு 460. மற்றவை 440, 450. 'இரண்டு வாங்கினால் 10 ரூபாய் தள்ளுபடி' சேர்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆக, பிரச்சினை விலையில் இல்லை.

அடுத்து அந்த மூன்று கடைகளின் கூகுள் மேப்ஸ் விமர்சனங்கள். ஒரு ஸ்டாரில் பார்க்கிங், சில்லறைச் சண்டைதான். `Newest` என வரிசைப்படுத்தி நாலு ஸ்டாரைப் படித்தபோதுதான் சிக்கியது: "ருசி சூப்பர், சென்னை போறதுக்குள்ள நமுத்துப் போச்சு." மூன்று கடைக்கும் இதே புலம்பல். சுடச்சுடக் கட்டினால் ஆவி உள்ளேயே நின்று சிப்ஸ் நமுத்துவிடும்.

நாங்கள் முழுதாக ஆறவைத்து, தடித்த கவரில் ஹீட் சீல் செய்து, பொரித்த தேதியோடு 'ரயில் பாக்கெட்' என்று வைத்தோம். முதலில் பத்துப் பாக்கெட்டைப் பத்து நாள் வைத்துப் பிரித்துப் பார்த்தோம்; சீல் ஓரத்தில் சிப்ஸ் தூள் மாட்டிய இரண்டு மட்டும் நமுத்திருந்தன. இப்போது ஓரத்தைத் துடைத்த பிறகே சீல். விலை பழைய 115தான்.