ஆறு சென்டிமீட்டர் கட்டியும் இரண்டு சென்டிமீட்டர் கட்டியும்: கர்ப்பப்பை நார்க்கட்டியில் நாம் செய்யும் தவறுகள்

ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் சென்டிமீட்டரைத்தான் தேடும். பெண்கள் வார்டில் செவிலியராக இருந்த காலத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலையான அண்டியாபீசிலிருந்து வந்த அக்காவும் அப்படித்தான். வயது 43, விரல்களில் முந்திரித் தோட்டெண்ணெயின் கறுப்புக் கறை. "சிஸ்டர், ஆறு சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருக்கிறதாம். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் காட்டிய இடத்தில் சொல்லிவிட்டார்கள்" என்றார். அதே தாளில், அடுத்த வரியில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஒன்றும் இருந்தது. அதை அவர் சொல்லவே இல்லை. அவருடைய ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

நார்க்கட்டி கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளர்கிற உருண்டை. ஃபைப்ராய்டு என்பது இதைத்தான். இது புற்றுநோய் அல்ல. அப்படி மாறுவதும் மிக அரிது. ஆனால் அளவைவிட இருப்பிடம் முக்கியம். வீட்டுச் சுவர் வெளிப்பக்கம் புடைத்தால் அறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது; உள்பக்கம் புடைத்தால் கட்டில் போட இடமிராது. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்தி நிற்கும் கட்டி சிறியதானாலும் உள்சவ்வை இழுத்து விரிக்கிறது, அங்குள்ள ரத்தக் குழாய்களைப் புடைக்க வைக்கிறது, மாதவிடாயின்போது தசை சுருங்கிக் குழாய்களை அடைப்பதையும் கெடுக்கிறது. வெளிப்பக்கம் வளரும் கட்டி பெரும்பாலும் உதிரப்போக்கைக் கூட்டுவதில்லை. முன்னால் இருந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும், பின்னால் இருந்தால் மலக்குடலை அழுத்தும். அக்காவின் ஆறு சென்டிமீட்டர் முன்பக்கத்தில் இருந்தது. இரவில் மூன்று முறை எழுந்திருப்பதை அவர் சர்க்கரை நோய் என்று நினைத்து, வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தவறு, "கொஞ்சம் அதிகமாகப் போகிறது" என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வது. இருபது ஆண்டாக அதே அளவில் போனவருக்கு அதுதான் இயல்பு. ஒப்பிட வேறு அளவு ஏது? எழுதிக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. முழுக்க நனைந்த நாப்கினுக்கு 20, பாதி நனைந்ததற்கு 5, லேசான கறைக்கு 1. பெரிய ரத்தக்கட்டிக்கு 5, சிறியதற்கு 1. ஒரு மாதவிடாயின் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டினால் அது அதிக உதிரப்போக்கு. ஏறக்குறைய 80 மில்லிக்கு மேல் போகிறது என்று பொருள். துணி பயன்படுத்துபவருக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. அவர்கள் எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுகிறோம், இரவில் பாயில் படுகிறதா என்று எழுதினால் போதும்.

அக்காவிடம் எழுதி வரச் சொன்னோம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் நாள் பாதி நனைந்தவை நான்கு: 20. இரண்டாம் நாள் முழுக்க நனைந்தவை ஆறு, பெரிய ரத்தக்கட்டிகள் மூன்று: 135. மூன்றாம் நாள் முழுக்க நனைந்தவை ஐந்து: 100. நான்காம் நாள் பாதி மூன்று: 15. பிறகு எட்டாம் நாள்வரை லேசானவை ஆறு: 6. மொத்தம் 276. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வேலைக்குப் போவதில்லை என்றும், போனால் கறுப்புப் பாவாடைதான் என்றும் ஓரத்தில் எழுதியிருந்தாள். அந்த ஓரக் குறிப்பு எனக்கு 276ஐவிட அதிகம் சொல்லியது.

ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை அவர் வயதின் மேல் போட்டிருந்தார். இந்த இடத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறு, "பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்பது. கணக்கைப் பாருங்கள். நல்ல ரத்தம் ஒரு மில்லியில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் போய்விட்டது. உணவிலிருந்து உடம்பு நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சும். அதற்கு மேல் போகிறவருக்குக் கீரை எப்படி ஈடுகட்டும்? மாத்திரை வேண்டும், அதையும் கட்டன் சாயாவோடு விழுங்கினால் பாதி வீண். சாயாவுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது கண்டு நிறுத்த வேண்டாம். அக்காவுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் ஏற வேண்டியிருந்ததால், இரும்பை ஊசி வழியாக ரத்த நாளத்தில் ஏற்றினார்கள்.

மண்டைக்காடு கோயில் கொடைக்கு முன்பு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை இன்னொரு கதை. நிறுத்தியதும் உதிரம் வரும். கட்டி இருப்பவருக்குக் கொட்டித் தீர்க்கவும் கூடும். கட்டி இருப்பது தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இனி சிகிச்சை. கட்டியைச் சுருக்காமல் உதிரத்தை மட்டும் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. உதிரம் அதிகமாகப் போகும் நாள்களில் மட்டும் எடுப்பது. முன்பு ரத்த நாளத்தில் உறைவு வந்தவருக்குக் கொடுப்பதில்லை. ஹார்மோன் சுரக்கும் லூப்பை உள்ளே வைத்தால் பலருக்கு உதிரம் வெகுவாகக் குறையும். ஆனால் அக்காவைப் போலக் குழி கோணியிருந்தால் அது நழுவி வெளியே வந்துவிடலாம். கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கும் ஊசிகளும் உண்டு, பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய சில மாதங்களுக்கு. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் முறையை எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லை. இனி குழந்தை வேண்டும் என்பவருக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதும் இல்லை. வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி கர்ப்பப்பையைக் காப்பாற்றும். புதிய கட்டிகள் வருவதைத் தடுக்காது. கர்ப்பப்பையை எடுத்தால் கட்டியும் மாதவிடாயும் நிச்சயமாக முடிந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி, "சினைப்பைகளையும் எடுக்கிறீர்களா, ஏன்?" என்பது. காரணமில்லாமல் நாற்பதுகளில் அவற்றை எடுத்தால் சினைப்பை ஹார்மோன் ஒரே நாளில் நின்று, எலும்பு சீக்கிரம் தேயும்.

அக்காவுக்கு நடந்தது இவற்றில் எதுவும் அல்ல. 40 வயதுக்கு மேல் இப்படி உதிரம் போனால் உள்சவ்வைச் சோதிப்பது வழக்கம்; அக்காவுக்குச் சோதித்ததில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. பிறகு பிறப்புறுப்பு வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தி, அந்த இரண்டு சென்டிமீட்டர் கட்டியைச் சீவி எடுத்தார்கள். வயிற்றில் தையல் இல்லை, மறுநாள் வீட்டுக்குப் போனார். கட்டியின் பெரும்பகுதி குழிக்குள் இருந்ததால்தான் இது எளிதாயிற்று. தசைக்குள் ஆழப் புதைந்திருந்தால் இரண்டு தடவையாகச் செய்ய நேரலாம்.

மூன்றாம் மாதத் தாளில் மொத்தம் 60. ஹீமோகுளோபின் 11.4. ஆறு சென்டிமீட்டர் அங்கேயேதான் இருக்கிறது. இரவில் இன்னும் எழுந்திருக்கிறார். அதையும் எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, "மூன்று முறை எழுந்திருப்பதற்கு எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும்?" என்றார். வருடம் ஒரு ஸ்கேன் என்று முடிவாயிற்று. மாதவிலக்கு நின்றபின் இத்தகைய கட்டிகள் பொதுவாகச் சுருங்கும். அதற்குப் பிறகு வளர்ந்தாலோ ஒரு துளி உதிரம் பட்டாலோ அடுத்த ஸ்கேனுக்காகக் காத்திராமல் வரவேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன்.