கிரீமாகவே விற்பதா, நெய்யாக உருக்குவதா?

பாலைப் பிரிக்கும் மெஷினில் ஒரு பக்கம் கிரீம், மறுபக்கம் கொழுப்பு நீக்கிய பால். இந்த இடம்தான் 'பிரியும் கட்டம்'. இதுவரை ஆன செலவெல்லாம் இரண்டுக்கும் பொது.

100 லிட்டர் பாலில் 40 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 10 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 220 ரூபாய்க்கு அப்படியே கொடுத்தால் 2,200. உருக்கினால் சுமார் 3.8 கிலோ நெய். 650 வீதம் 2,470. ஆக, கூடுதல் வருவாய் 270 தான். உருக்குவதற்கு கேஸ் 90, தினக்கூலி 160, பாட்டில் 60, மொத்தம் 310. பேசாமல் கிரீமாகவே விற்றால் 40 ரூபாய் மிச்சம்.

கணக்குப்பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். பால் வாங்கிய 4,500 ரூபாயில் பாதியை கிரீம் தலையில் கட்டிவிட்டு, "கிரீமில் 50 ரூபாய் நஷ்டம், நெய்யாக்கிடலாம்" என்பார்கள். அந்த 2,250 எந்த வழியில் போனாலும் போன பணம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கூலியையும் ஒரு தடவை பாருங்கள். ஆள் மாதச் சம்பளக்காரர், அந்த நேரம் சும்மாதான் இருக்கிறார் என்றால் 160 புதிய செலவல்ல. கூடுதல் செலவு 150 ஆகிவிடும், நெய் 120 ரூபாய் முந்தும். அதே ஆளைப் பனீர் வேலையிலிருந்து இழுத்தால், அங்கே நின்றுபோகும் லாபத்தையும் செலவில் சேர்க்க வேண்டும்.

சரி, தினக்கூலி ஆள்தான் என்றால்? நெய் கிலோ 661 ரூபாயைத் தொடும்வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.