டிமாண்ட் கடிதத்தில் ‘முந்தைய நிலுவை’: பில்டர் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

தேவகோட்டையில் இருக்கும் என் ஆச்சிக்கு (எங்கள் பக்கம் அக்காளை அப்படித்தான் அழைப்போம்) காரைக்குடியில் ஒரு ஃபிளாட் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 ஆடியில், தவணை கேட்டுப் பில்டர் அனுப்பும் டிமாண்ட் கடிதம் நான்காவது முறையாக வந்தது. இரண்டாம் தளத்துக்கான தவணை 9,45,000 ரூபாய். அதன் கீழே ‘முந்தைய நிலுவை 1,27,000’, அதற்கும் கீழே ‘தாமத வட்டி 8,240’. ஒரு தவணையையும் விடாமல் கட்டியவருக்கு நிலுவை எங்கிருந்து வந்தது? ஆச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. அத்தானோ, “பெரிய கம்பெனி, கணக்கு சரியாகத்தான் இருக்கும். கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்றார்.

முதல் தவறு அதுதான். கடிதத்தின் அடியில் உள்ள மொத்தத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது. ஒருமுறை கட்டிவிட்டால், அந்த நிலுவையை நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். பிறகு திரும்பக் கேட்பது நம் பாடு.

வீட்டின் விலை 60 லட்சம், ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஒப்பந்தத்தின்படி புக்கிங்கின்போது 10 சதவீதம், அஸ்திவாரம் முடிந்ததும் 20, மூன்று தளங்களுக்குத் தலா 15, மீதி செங்கல் கட்டுமானம், பூச்சு, சாவி என்று போகிறது. ஆக முதல் மூன்று கடிதங்கள் கேட்ட தொகை, வரியோடு சேர்த்து, முறையே 6,30,000, 12,60,000, 9,45,000. மொத்தம் 28,35,000.

ஆச்சியின் நோட்டில் ‘முதல் தவணை கட்டியாயிற்று, இரண்டாவது கட்டியாயிற்று’ என்று தவணைக்கு ஒரு வரிதான் இருந்தது. இது இரண்டாவது தவறு. பணம் தவணைப்படி போவதில்லை. முதல் தவணையே இரண்டு துண்டாகப் போயிருந்தது: அட்வான்ஸ் ஒரு லட்சம் செக்காக, மீதி வங்கிப் பரிமாற்றமாக. எனவே வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரியில் தேதி, தொகை, வங்கிப் பரிமாற்றத்துக்கான UTR எண் அல்லது செக் எண், எந்த டிமாண்ட் கடிதத்துக்கு என்பது, பில்டர் கொடுத்த ரசீது எண் ஆகியவை நிற்க வேண்டும். வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை எடுத்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. என் அப்பச்சி இருந்திருந்தால் அந்த நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

அப்படி எழுதியபோது கிடைத்தது இது. போன பணம்: 1,00,000, 5,24,000, 12,48,000, 9,36,000. கூட்டினால் 28,08,000. கேட்டதற்கும் போனதற்கும் 27,000 வித்தியாசம். அது பில்டருக்குரிய வருமான வரியாக ஆச்சி பிடித்துக் கட்டிய டி.டி.எஸ். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதத்தைப் பிடித்து, அரசுக்குச் செலுத்த வேண்டும்; அப்போது அதற்கான படிவம் 26QB. ஜி.எஸ்.டி. நீங்கிய தொகையில் கணக்கிட்டால் 6,000, 12,000, 9,000. சரியாக 27,000. நம் பக்கம் கணக்கு நேராகிவிட்டது.

பில்டர் பக்கம் ஏன் நேராகவில்லை? ரசீதுகளை எடுத்து வைத்தோம். இங்கேதான் பலரும் செய்யும் மூன்றாவது தவறு: ரசீதில் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் சொருகிவிடுவது. ஒரு லட்சத்துக்கான அட்வான்ஸ் ரசீதில் ஃபிளாட் எண் 2ஏ என்றிருந்தது. ஆச்சி முதலில் கேட்டது அதைத்தான். ஒரு வாரம் கழித்து 3சி-க்கு மாறினார். விற்பனைப் பிரிவில் எண் மாறியது, கணக்குப் பிரிவில் மாறவில்லை. அந்த ஒரு லட்சம் யாருடைய பெயரிலும் சேராமல் 2ஏ-வின் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. ரசீது வந்த அன்றே பெயர், ஃபிளாட் எண், எந்தத் தவணை, அசலும் வரியும் தனித்தனியாக உள்ளனவா என்று பார்த்திருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும்.

மூன்றாம் தவணைக்கு ரசீதே இல்லை. வீட்டுக்கடன் வங்கி நேரடியாகப் பில்டருக்கு அனுப்பிய பணம் அது. இப்படிப்பட்ட பணத்துக்கு நாம் கேட்காவிட்டால் ரசீது நம் கைக்கு வராமல் போவது சகஜம். வங்கி பணம் விடுவித்ததாகச் சொல்லும் கடிதம் ரசீதாகாது. அது பணம் கிளம்பியதற்குச் சாட்சி, பில்டர் வரவு வைத்ததற்கு அல்ல.

டி.டி.எஸ். 27,000-ஐப் பில்டர் வரவு வைக்காததற்குக் காரணம் எளிது. அரசுக்குக் கட்டிய சலானை ஆச்சி அனுப்பியிருந்தார். வரி பிடித்ததற்குச் சான்றாக வருமான வரித்துறையின் TRACES தளத்தில் இறக்க வேண்டிய 16B சான்றிதழை அனுப்பவில்லை. பெரும்பாலான பில்டர்கள் அந்தச் சான்றிதழ் வந்த பிறகே அந்தத் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் ஏற்றுகிறார்கள். வரி பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு என்றால் அப்போது 26QB-உம் இருவருக்கும் தனித்தனி. இதை மறந்தவர்கள் நிறைய.

ஆக, 1,00,000-உம் 27,000-உம் சேர்ந்ததுதான் அந்த 1,27,000.

வட்டிக்கு வருவோம். எல்லாவற்றையும் மறுத்துவிடலாம் என்று நான் துள்ளினேன். ஆனால் வங்கி மூன்றாம் தவணையை 11 நாள் தாமதமாகவே விடுவித்திருந்தது. தாமதம் வங்கியுடையது என்றாலும் ஒப்பந்தத்தின்படி பொறுப்பு நம்முடையது. ஒப்பந்த வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம். 9,45,000-க்கு 11 நாள் என்றால் 3,133 ரூபாய். கடிதத்தில் கேட்ட மீதி 5,107 ரூபாய், இல்லாத நிலுவைக்குப் போட்ட வட்டி. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் வாங்குபவர் தரும் தாமத வட்டியும் பில்டர் தரும் தாமத வட்டியும் ஒரே விகிதம்தான்; ஒப்பந்தத்தில் உங்களுக்கு 18, அவர்களுக்கு 6 என்று இருந்தால் கேள்வி கேட்கலாம்.

கணக்கில் தகராறு என்று நடப்புத் தவணையையும் நிறுத்தி வைப்பது இன்னொரு தவறு. அன்றிலிருந்து உண்மையான தாமதம் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் தவணைக்கு உரிய வேலை முடிந்ததா என்று பார்க்காமலும் கட்டக்கூடாது. ஒப்பந்தத்தில் ‘தளம் போட்டு முடித்ததும்’ என்றிருந்தது. ஆச்சிக்குக் கடிதம் வந்த நாளில் நான் போய்ப் பார்த்தபோது சென்டரிங் பலகை அடித்து, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் விழ இன்னும் எட்டு நாள் ஆயிற்று. அதுவரை தவணை நிலுவையாகாது என்று தேதியிட்ட படத்தோடு எழுதினோம்.

கான்கிரீட் போட்ட பிறகு 9,45,000-இல் டி.டி.எஸ். 9,000 போக 9,36,000-உம், வட்டி 3,133-உம் தனித்தனிப் பரிமாற்றமாக, குறிப்பில் கடித எண்ணோடு அனுப்பினோம். கூடவே ஒரு மின்னஞ்சல்: எங்கள் அட்டவணை, 2ஏ ரசீதின் நகல், 3சி ஒப்பந்தத்தின் முதல் பக்கம், வங்கி அறிக்கை, மூன்று 16B-கள். பில்டருடைய பேரேட்டுப் பிரதியையும் அதிலேயே கேட்டோம். தொலைபேசியில் பேசியதை மறுநாள் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பத்து நாளில் திருத்திய கணக்கு வந்தது. ஒரு லட்சம் 3சி-க்கு மாறியிருந்தது, டி.டி.எஸ்.-இல் 21,000 ஏறியிருந்தது. 6,000 மட்டும் நிலுவையிலேயே நின்றது. தோண்டிப் பார்த்தால், முதல் 26QB-இல் விற்பவரின் பான் எண்ணாகப் பில்டரின் சகோதர நிறுவனத்து எண்ணை அத்தான் உள்ளிட்டிருந்தார். அட்வான்ஸ் ரசீதின் தலைப்பில் அந்த நிறுவனத்தின் பெயர்தான் இருந்ததாம். TRACES-இல் அதற்குத் திருத்த மனு போட்டிருக்கிறோம்.