ஒரு ‘ரத்து செய்’ பட்டனுக்கு எத்தனை வரி எழுத வேண்டும்? தேவை ஆவணம் எழுதிப் பழகுவோம்

“நோயாளி தன் அப்பாயின்ட்மென்டை ஆன்லைனில் ரத்து செய்யலாம்.”

பல ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்களில் இந்த அம்சத்துக்கு இப்படி ஒரே வரிதான் இருக்கும். எழுதியவருக்கு எல்லாம் சொல்லியாயிற்று என்ற திருப்தி. படிக்கிற டெவலப்பருக்கோ கேள்விகள் வரிசை கட்டும். டாக்டரைப் பார்க்க ஐந்து நிமிடம் இருக்கும்போதும் ரத்து செய்யலாமா? அந்த நேரம் வேறொருவருக்குக் கிடைக்குமா? ரத்தான விஷயம் ரிசப்ஷனுக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் கேட்கிற டெவலப்பர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கேட்காதவர் தனக்குத் தோன்றியபடி செய்து முடித்துவிடுவார், அது டெமோ அன்றுதான் தெரியவரும்.

இந்த ஒரே வரியை, டெவலப்பர் வேலையைத் தொடங்கக்கூடிய அளவுக்கு விரித்து எழுதுவோம். உதாரணத்துக்கு ஒரு சின்னப் பல் மருத்துவமனையை வைத்துக்கொள்வோம். ஒரு டாக்டர், ஒரு ரிசப்ஷனிஸ்ட், ஒரு நோயாளிக்கு 20 நிமிடம். இதுவரை போனில்தான் புக்கிங். இனி வெப்சைட் வேண்டும் என்கிறார்கள்.

படி 1: பிரச்சினையையும் எல்லையையும் எழுதுங்கள்

அரைப் பக்கம் போதும். “காலையில் போன் லைன் கிடைப்பதில்லை. வர முடியாதவர்கள் சொல்ல முடியாமல் விட்டுவிடுகிறார்கள். டாக்டரின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.” இதுதான் பிரச்சினை. அதற்குக் கீழேயே, இந்த முறை செய்யப்போவதில்லை என்று எவற்றை முடிவு செய்திருக்கிறீர்களோ அவற்றையும் எழுதிவிடுங்கள்: ஆன்லைனில் பணம் கட்டுவது, தேதி மாற்றுவது, இரண்டாவது டாக்டர். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால், பாதி வேலை முடிந்தபிறகு “இதுவும் சேர்த்துத்தானே சொன்னோம்?” என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

படி 2: ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

ஒரு பக்கத்தில் அப்பாயின்ட்மென்ட், அடுத்த பக்கத்தில் புக்கிங், இன்னொரு இடத்தில் ஸ்லாட் என்று எழுதினால், மூன்றும் ஒன்றா வேறா என்று படிப்பவர் திணறுவார். நம் ஆவணத்தில் ஸ்லாட் என்றால் 20 நிமிட நேரம். அந்த ஸ்லாட்டை ஒரு நோயாளி எடுத்துக்கொண்டால் அது புக்கிங். ஒரு புக்கிங்குக்கு நான்கு நிலைகள்தான்: உறுதி, ரத்து, முடிந்தது, வரவில்லை. அப்பாயின்ட்மென்ட் என்ற சொல்லை இனி எங்கும் பயன்படுத்தப் போவதில்லை.

படி 3: யூசர் ஸ்டோரி

யார், என்ன வேண்டும், எதற்காக. இந்த மூன்றும் இருந்தால் அது யூசர் ஸ்டோரி.

> புக்கிங் செய்த நோயாளியாகிய எனக்கு, வர முடியாதபோது போன் செய்யாமலே ரத்து செய்யும் வசதி வேண்டும். அந்த ஸ்லாட் வீணாகாமல் வேறு நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

கடைசிப் பகுதியைப் பலர் ஒப்புக்கு எழுதுவார்கள்: “ரத்து செய்வதற்காக ரத்து வசதி வேண்டும்” என்பதுபோல. ஆனால் விதிகள் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஸ்லாட் வேறொருவருக்குக் கிடைக்க வேண்டும் என்றால், அவர் கிளம்பி வர நேரம் வேண்டுமே? டாக்டரிடம் கேட்டால் “இரண்டு மணி நேரமாவது முன்னாடி சொல்லணும்” என்பார். ‘எதற்காக’ என்று கேட்டதால்தான் அந்த விதி நமக்குக் கிடைத்தது.

ரிசப்ஷனிஸ்ட் எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம் என்றால் அது தனி ஸ்டோரி. ஆள் வேறு, விதியும் வேறு. இரண்டையும் ஒன்றில் அடைக்காதீர்கள்.

மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரிஸ் 2001-இல் யூசர் ஸ்டோரிக்கு மூன்று பகுதிகள் உண்டு என்று எழுதினார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். நாம் மேலே எழுதியது அட்டை மட்டும்தான். மூன்றாவது பகுதிதான் அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா, அதாவது வேலை சரியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்ள நிறைவேற வேண்டிய நிபந்தனைகள். நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடமும் அதுதான்.

படி 4: அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா

ஒவ்வொன்றையும் நிலை, செயல், விளைவு என்று எழுதுவோம்.

```
US-07 நோயாளி புக்கிங்கை ரத்து செய்தல்

1. நிலை: புக்கிங் "உறுதி"; தொடங்க 2 மணி நேரமோ கூடுதலோ உள்ளது
   செயல்: "ரத்து செய்" அழுத்தி "ஆம்" என்கிறார்
   விளைவு: புக்கிங் "ரத்து" ஆகும்; அடுத்து யார் பக்கத்தைத்
   திறந்தாலும் ஸ்லாட் காலி எனத் தெரியும்; நோயாளிக்கு
   எஸ்.எம்.எஸ். போகும்

2. நிலை: தொடங்க 2 மணி நேரத்துக்கும் குறைவு
   செயல்: புக்கிங் பக்கத்தைத் திறக்கிறார்
   விளைவு: பட்டன் இருக்காது; மருத்துவமனையின் போன் எண் தெரியும்

3. நிலை: திறந்தபோது நேரம் இருந்தது, இப்போது கடந்துவிட்டது
   செயல்: பழைய பக்கத்திலேயே "ரத்து செய்" அழுத்தி "ஆம்" என்கிறார்
   விளைவு: ரத்து ஆகாது; காரணமும் போன் எண்ணும் தெரியும்

4. நிலை: ரிசப்ஷனிஸ்ட் ஏற்கெனவே ரத்து செய்துவிட்டார்
   செயல்: நோயாளியும் ரத்து செய்கிறார்
   விளைவு: "ஏற்கெனவே ரத்தாகிவிட்டது" எனத் தெரியும்;
   இரண்டாவது எஸ்.எம்.எஸ். போகாது

5. நிலை: எஸ்.எம்.எஸ். சேவை வேலை செய்யவில்லை
   செயல்: நேரத்துக்குள் ரத்து செய்கிறார்
   விளைவு: ரத்து செல்லும்; "எஸ்.எம்.எஸ். போகவில்லை"
   என ரிசப்ஷன் திரையில் தெரியும்
```

முதலாவதை யாரும் எழுதிவிடுவார்கள். மற்ற நான்கையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு உதவுகிற கேள்விகள் மூன்று: எல்லைக் கோட்டில் என்ன நடக்கும்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தால்? வெளிச் சேவை காலை வாரினால்?

எல்லைக் கோட்டைப் பாருங்கள். மாலை 5:00 மணி புக்கிங்கைச் சரியாக 3:00 மணிக்கு ரத்து செய்யலாமா? “2 மணி நேரத்துக்கு முன்” என்று மட்டும் எழுதியிருந்தால் ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார். “2 மணி நேரமோ கூடுதலோ” என்றால் 3:00:00 செல்லும், 3:00:01 செல்லாது. எந்தக் கடிகாரம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்: சர்வரின் கடிகாரம், இந்திய நேரப்படி. நோயாளியின் போனில் நேரம் தப்பாக இருக்கலாம்.

மூன்றாவது க்ரைட்டீரியன், போனில் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அழுத்துகிறவருக்காக. பட்டனை மறைப்பது மட்டும் போதாது, அழுத்தும்போதும் சர்வர் நேரத்தைப் பார்த்தாக வேண்டும் என்பது இதைப் படித்ததுமே டெவலப்பருக்குப் புரிந்துவிடும். ஆனால் ‘சர்வரில் சரிபார்க்கவும்’ என்று நாம் எங்கும் எழுதவில்லை. வெளியே தெரிய வேண்டியதைச் சொல்வது நம் வேலை, உள்ளே எப்படிச் செய்வது என்பது அவர் வேலை. டேட்டாபேஸ் டேபிள் பெயர்கூட எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும் ‘உடனே’, ‘எளிதாக’, ‘வேகமாக’, ‘முதலியன’ என்ற சொற்களைத் தேடுங்கள். ஸ்லாட் ‘உடனே’ காலியாகும் என்று எழுதினால் டெஸ்டர் எதை அளப்பார்? அதனால்தான் “அடுத்து யார் பக்கத்தைத் திறந்தாலும்” என்று எழுதினோம்.

ஒரு ஸ்டோரிக்குப் பத்து க்ரைட்டீரியாவுக்கு மேல் போனால் பெரும்பாலும் உள்ளே இரண்டு ஸ்டோரிகள் ஒளிந்திருக்கும். பிரித்துவிடுங்கள்.

படி 5: தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்

ஒரே நோயாளி அடிக்கடி ரத்து செய்தால் அவரை ஆன்லைன் புக்கிங்கிலிருந்து நிறுத்த வேண்டுமா? நமக்குத் தெரியாது. ஊகித்து எழுதிவிட்டால் அது முடிவான விதிபோலவே தெரியும். “திறந்த கேள்விகள்” என்று ஒரு பகுதி வைத்து, கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர், எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் போடுங்கள். ஆளும் தேதியும் இல்லாத கேள்வி கடைசிவரை அப்படியே கிடக்கும்.

படி 6: டெஸ்டரிடம் கொடுத்துப் பாருங்கள்

வாயால் எதையும் விளக்காமல் ஆவணத்தை மட்டும் டெஸ்டரிடம் கொடுத்து, டெஸ்ட் கேஸ் பட்டியல் கேளுங்கள். அவர் எங்கே நின்று உங்களிடம் சந்தேகம் கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. பிறகு டெவலப்பரையும் சேர்த்து அரைமணி நேரம் உட்காருங்கள். ஜெஃப்ரிஸ் சொன்ன உரையாடல் இதுதான். “புக்கிங் நேரம் கடந்தபிறகு பக்கத்தைத் திறந்தால்? அப்பவும் போன் நம்பரா?” என்று டெவலப்பர் கேட்கக்கூடும். நம் இரண்டாவது க்ரைட்டீரியன்படி அப்படித்தான் ஆகிறது, அது அபத்தம். அங்கேயே ஆறாவதாக ஒன்றைச் சேர்த்து, மாற்றிய தேதியையும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லிவிட்டு ஆவணத்தைத் தொடாமல் விட்டால், அடுத்த வாரம் டெஸ்டர் பழைய விதியை வைத்துக்கொண்டு பக் போடுவார்.