மிச்ச நூலின் புகைப்படத்தை வைத்து ஷேடு எண் தேடும்போது நேரும் தவறுகள்

எம்பிராய்டரி வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்போது நூல் தீர்ந்துவிடுகிறது. கையில் இருப்பது ஒரு சாண் நீளத் துண்டு. லேபிள் பட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. உடனே அதைப் படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, "இது என்ன நம்பர்?" என்று கேட்கிறோம். ஐந்து பேர் ஐந்து எண்களைச் சொல்கிறார்கள். அவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தால் அதற்கு மேல் சொல்ல முடியாது. நல்ல புகைப்படம் சாத்தியமான எண்களை மூன்று நான்காகக் குறைத்துத் தரும். எது சரியான எண் என்பதை நூலை நூலோடு சேர்த்து வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நிறத்தைப் பார்ப்பதே ஒரு தவறு. அது என்ன வகை நூல் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். நுனியைப் பிரித்துப் பாருங்கள். ஆறு இழைகளாக எளிதாகப் பிரிந்தால் அது வழக்கமான ஆறிழைப் பருத்தி நூல். பிரிய மறுத்து, முறுக்கிய கயிறுபோல் ஒரே நூலாக நின்றால் அது பெர்ல் காட்டன். கையில் வழுக்கி, கண்ணாடிபோல் மின்னி, நுனி தானாகவே விரிந்து கலைந்தால் ரேயானாக இருக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், டிஎம்சி நிறுவனம் ஆறிழை நூலுக்கும் பெர்ல் காட்டனுக்கும் ஒரே நிற எண்களையே பயன்படுத்துகிறது. 321 என்று கேட்டால் இரண்டிலும் சிவப்பு கிடைக்கும். ஆனால் முறுக்கு வேறு, கனம் வேறு என்பதால் தைத்த இடம் தனியாகத் தெரியும். எனவே படமெடுக்கும்போது முழு நூலோடு சேர்த்து, பிரித்த நுனியையும் நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். பார்ப்பவருக்கு நிறத்தைவிட அந்தப் படமே அதிகம் சொல்லும்.

லேபிள் பட்டையின் ஒரு துண்டு மிஞ்சியிருந்தால் அதிலும் ஒரு பொறி உண்டு. அதில் இருக்கும் எண்கள் எல்லாம் நிற எண்கள் அல்ல. டிஎம்சியின் ஆறிழை நூலுக்கு 117 என்பது பொருள் வகையின் எண். 25 என்பது நூலின் கனத்தைக் குறிப்பது. 8 என்பது நீளம், மீட்டரில். கிழிந்த பட்டையில் 117 மட்டும் தெரிகிறது என்று அதையே ஷேடு எண்ணாகக் கொண்டு தேடினால் கிடைப்பது மொத்தக் குடும்பமும்தான், உங்கள் நிறம் அல்ல.

எண் கிடைத்தபின் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் கேட்பது அடுத்த தவறு. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண் வைத்திருக்கிறது. டிஎம்சியில் 310 என்றால் கறுப்பு. ஆங்கரில் 310 என்றால் பழுப்பு. அங்கே கறுப்புக்கு 403. இரு எண்களுக்கும் பாலம் போடும் மாற்று அட்டவணைகள் நிறையக் கிடைக்கின்றன. அவை புதிய வேலையைத் தொடங்குபவருக்குப் போதும். பாதியில் நிற்பவருக்குப் போதாது. டிஎம்சி 321க்கு ஆங்கரில் இணை எது என்று பார்த்தால், சில அட்டவணைகள் 47 என்கின்றன, சில 9046 என்கின்றன. இரண்டுமே "ஏறக்குறைய" என்ற பொருளில்தான். ஒரே பூவிதழின் பாதியை ஒன்றாலும் மீதியை மற்றொன்றாலும் நிரப்பினால் அந்த "ஏறக்குறைய" பளிச்சென்று கண்ணில் படும்.

இனி புகைப்படத்துக்கு வருவோம். சிவப்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேமரா அதிகம் ஏமாற்றும் நிறங்களில் அது ஒன்று. வெளிச்சம் சற்று அதிகமானாலும் படத்தில் சிவப்பின் அளவு உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதன்பின் நூலின் முறுக்கு தெரியாது, நிழல் தெரியாது. வெறும் சிவப்புப் பூச்சு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் டிஎம்சி 321ஐயும் 666ஐயும் பிரித்தறிய முடியாது. நேரில் 666 கொஞ்சம் எரியும் சிவப்பு, 321 அதைவிட ஆழமானது. செல்போனில் நூலைத் தொட்டுக் குவியப்படுத்தியபின் வெளிச்ச அளவைக் கீழே இழுத்துக் குறையுங்கள். இழைகளின் முறுக்கு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கினால் அளவு சரி. முறுக்கு தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பின்னணித் துணியும் நிறத்தை மாற்றிவிடும். பச்சைத் துணியின்மேல் நூலை வைத்து எடுத்தால், படம் முழுக்கப் பச்சை நிறைந்திருப்பதைக் கேமரா வெளிச்சத்தின் குறை என்று எண்ணி, அதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் இளஞ்சிவப்புப் பக்கம் தள்ளக்கூடும். எனவே வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் போதும். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும்; ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் விளக்கு என்றால் ஒரே நூல் இரு நிறங்களில் தெரியும்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருவதும் அதுதான். எண் தெரிந்த வேறொரு நூலை, முடிந்தால் அதே நிறக் குடும்பத்தில், அதே படத்தில் பக்கத்திலேயே வையுங்கள். "பக்கத்தில் இருப்பது டிஎம்சி 666" என்று ஒரு வரி எழுதுங்கள். பார்ப்பவரின் திரை எப்படி இருந்தாலும், "அதைவிட இருண்டது, கொஞ்சம் நீலச்சாயல்" என்று அவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஒப்பிட எதுவும் இல்லாத தனி நூலின் படத்தைப் பார்த்து அவர் செய்வது ஊகம் மட்டுமே.

திரையில் ஒரு புள்ளியைத் தொட்டு அதன் நிறக் குறியீட்டை எடுத்து, நூல் எண்களின் குறியீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுவது துல்லியமானதுபோல் தோன்றும் தவறு. பருத்தி நூல் மெருகேற்றப்பட்டது. ஒளி படும் இடத்தில் வெளுத்தும் முறுக்கின் பள்ளத்தில் கருத்தும் இருக்கும். எந்தப் புள்ளியைத் தொடுகிறீர்களோ அதற்கேற்ப எண் மாறும். பட்டியலில் இருக்கும் குறியீடுகளும் தோராயமானவையே. 500 நிறங்கள் கொண்ட ஒரு வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையிலான வேறுபாடு இந்தப் பிழையைவிடச் சிறியதாக இருக்கலாம்.

இப்படிச் சரியாக எடுத்த ஒரு படம் என்ன தரும் என்று பார்ப்போம். நிறுவனம் டிஎம்சிதான் என்பது தெரிந்த, ஆறிழையாகப் பிரியும் ஒரு சிவப்பு நூல், அருகே 666. படத்தில் மிச்ச நூல் அதைவிட ஒரு படி இருண்டிருக்கிறது, ஆரஞ்சுச் சாயல் இல்லை. அதனால் ஆரஞ்சுப் பக்கம் சாயும் 817, 349 இரண்டையும் விலக்கிவிடலாம். 321, அதைவிட இருண்ட 304, இன்னும் இருண்ட 498 ஆகிய மூன்றும் பட்டியலில் நிற்கின்றன. புகைப்படத்தின் வேலை இங்கே முடிகிறது. மூன்று எண்களிலும் ஒவ்வொரு கண்டு வாங்குங்கள், அல்லது அச்சிட்ட நிற அட்டையாக இல்லாமல் உண்மையான நூல் ஒட்டிய ஷேடு கார்டு இருக்கும் இடத்துக்கு மிச்ச நூலைக் கொண்டுபோங்கள். அச்சு மையால் நூலின் மினுமினுப்பைக் காட்ட முடியாது.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். தடித்த புதுக் கண்டின் பக்கத்தில் மெல்லிய ஒற்றை நூலை வைத்தால், கண்டின் இடுக்குகளில் விழும் நிழலால் அது இருண்டு தெரியும்; சரியான எண்ணையே நீங்கள் தள்ளிவிடுவீர்கள். ஒரு வெள்ளை அட்டையில் முதலில் 321ஐ நெருக்கமாகச் சில சுற்றுகள் சுற்றுங்கள், அதை ஒட்டியே மிச்ச நூல், அதை ஒட்டி 304. இழைகளின் எண்ணிக்கையும் சுற்றும் திசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்து எல்லைக்கோடு மறைகிறதோ அந்த எண்தான். பிறகு அதே அட்டையை இரவில் விளக்கொளியிலும் பாருங்கள். வெவ்வேறு சாயங்களில் தோய்த்த இரு நூல்கள் பகலில் ஒன்றுபோல் இருந்து விளக்கொளியில் பிரிந்துவிடுவது உண்டு. இரண்டு வெளிச்சத்திலும் கோடு மறைந்தால் நம்பலாம். பகலில் மறைந்து இரவில் தெரிந்தால், பெரும்பாலும் அது வேறு நிறுவனத்தின் நூல்.

இதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: எதோடு பொருத்துகிறோம்? மிச்ச நூல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. துணியோ வெயிலில் கிடந்து, ஒருமுறை துவைத்தும் ஆகிவிட்டது என்றால் இரண்டும் இப்போது ஒரே நிறம் அல்ல. எண்ணைக் கண்டுபிடிக்க மிச்ச நூல்தான் சரியான சாட்சி. ஆனால் அந்த எண்ணின் புது நூல், வெளுத்த வேலையின்மேல் துருத்திக்கொண்டு நிற்கலாம். துணியின் பின்பக்கத் தையலைப் பாருங்கள். அங்கே வெயில் அதிகம் பட்டிருக்காது. முன்பக்கமும் பின்பக்கமும் வேறுபட்டால், சரியான எண்ணைவிட ஒரு படி வெளிறிய எண்ணே பார்வைக்குப் பொருந்தக்கூடும். துணியின் ஓரத்தில், அதே எண்ணிக்கை இழைகளோடு விரல்நகம் அளவு தைத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பின்னலுக்கான கம்பளி நூலிலும் இதே வழிதான், ஒரு கூடுதல் சிக்கலோடு. அங்கே ஷேடு எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். ஷேடு எண் ஒன்றாக இருந்தும் லாட் வேறானால், தனித்தனிப் பந்தாகப் பார்க்கும்போது தெரியாத வேறுபாடு பின்னியபின் கோடாகத் தெரியும். லாட் எண்ணைப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. லேபிளின் துண்டு இருந்தால் அதை எல்லாப் பக்கமும் படமெடுத்து, அதே லாட் இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பந்து முழுவதும் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னும் சில வரிசைகளுக்கு நூல் இருக்கும்போதே புதுப் பந்தைச் சேர்த்து, இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லைக்கோடு கரைந்துவிடும். எம்பிராய்டரியில் இதற்கு இணையான வழி, ஊசியில் பழைய இழை ஒன்றும் புது இழை ஒன்றுமாகக் கோத்து இடைப்பகுதியைத் தைப்பது. அதற்குக் கொஞ்சம் பழைய நூல் வேண்டும் என்பதால், கையில் இருக்கும் அந்தச் சாண் நீளத் துண்டு முழுவதையும் ஒப்பீட்டிலேயே செலவழித்துவிடாதீர்கள்.